வட்டியில்லாக் கொப்பியின் வட்டி

யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒன்று என்று சொல்லும் அளவுக்குச் சிறிய பலசரக்குக் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் காசு லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குக் கொப்பி இருக்கும். ஒவ்வொரு கொப்பியின் மட்டையிலும் ஒரு பெயர்: ரீச்சர் வீடு, தபால்கந்தோர் ஐயா, சந்தி மேசன். சாமான் எடுக்கிறவர் காசு கொடுப்பதில்லை. "அண்ணை, கொப்பியிலை போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சம்பளம் வந்ததும் கணக்குக் கூட்டிக் கட்டுகிறார். ஆசிரியர்களும் அலுவலகத்தாரும் இருபதாம் திகதிக்குப் பிறகு கட்டுவார்கள், ஓய்வூதியக்காரர் பத்தாம் திகதியை ஒட்டிக் கட்டுவார்கள், மேசன் வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார். வட்டி என்று ஒரு சொல் இந்தக் கொப்பியில் எங்கேயும் இருக்காது. அதனால்தான் இதைக் கடன் என்றே பலர் நினைப்பதில்லை. "கடன் கிடன் ஒண்டும் இல்லை, கடைக்கணக்கு மட்டும்தான்" என்று சொல்கிற வீடுகள் ஏராளம்.

நான் இந்தக் கொப்பியின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒரு கொப்பி இருந்தது. பிறகு சொந்தக்காரர் ஒருவரின் கடையில் மாதக் கடைசிகளில் கணக்குக் கூட்டிக் கொடுக்கப் போவேன். இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: கொப்பிக் கணக்குக்கு வட்டி உண்டு. அது எல்லாச் சாமானிலும் ஒரே மாதிரி இல்லை. சில சாமானில் அறவே இல்லை, சிலவற்றில் அதிகம். எதில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் கடைக்காரரின் நிலையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விலை அங்கேதான் பிறக்கிறது. நாற்பது வீடுகளுக்குக் கொப்பி வைத்திருக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 36,000 ரூபா என்றால், சம்பளத்துக்கு முதல் நாள் அவர் வெளியே விட்டிருக்கும் காசு 14 இலட்சத்துக்கு மேல். அவருக்குச் சாமான் தருகிற ஏஜென்சிக்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார். சவர்க்காரம், பால்மா, பிஸ்கட் கொண்டுவரும் வண்டிக்கு உடனே காசு, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கிழமைக்குப் பின்திகதியிட்ட காசோலை. அரிசி, சீனி, பருப்பு எடுக்கிற மொத்தக் கடையிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஆக, அவர் இரண்டு கிழமைக்குள் கட்டவேண்டிய சாமானை நான்கு, ஐந்து கிழமைக் கடனுக்கு விற்கிறார். இடையில் வரும் நாட்களுக்கான காசை யாரோ போட்டுத்தான் ஆகவேண்டும். நகையை அடகு வைப்பார், வங்கியில் மேலதிகப் பற்று எடுப்பார், சீட்டைக் கழித்து எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

அதைவிடப் பெரிய செலவு திரும்பி வராத கணக்கு. ஒரு குடும்பம் 50,000 ரூபா பாக்கியோடு கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறது என்று வையுங்கள். கடைக்காரருக்குச் செலவு எல்லாம் போக நூறு ரூபாவுக்கு ஐந்து ரூபா மிஞ்சுகிறது என்றால், அந்த 50,000 ஐ மீட்க அவர் 10 இலட்சத்துக்குச் சாமான் விற்கவேண்டும். சட்டமும் அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. இலங்கையின் காலாவதிக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி கடைக்கணக்குக்கும் கொப்பிக் கடனுக்கும் வழக்குப் போட ஒரு வருடம்தான் தவணை. எழுதிக் கையெழுத்திட்ட கடனுக்கு இருக்கும் நீண்ட தவணை இதற்கு இல்லை. ஒரு வருடத்துக்குள்ளும் 50,000 ரூபாவுக்காகச் சட்டத்தரணி பிடித்து நீதிமன்றம் ஏறுகிற கடைக்காரரை நான் கண்டதில்லை. அப்படியானால் அவருக்கு இருக்கும் பிணை என்ன? உங்கள் வீடு எங்கே என்று தெரியும், உங்கள் அண்ணன் எங்கே வேலை என்று தெரியும், நாளைக்கும் நீங்கள் பாணுக்கு அந்தக் கடைக்குத்தான் வரவேண்டும். அவ்வளவுதான். அதனால் வரப்போகிற நட்டத்தை அவர் முன்கூட்டியே விலையில் பரப்பி வைக்கிறார். ஒழுங்காகக் கட்டுகிற முப்பத்தொன்பது வீடும் சேர்ந்து, கட்டாமல் போகிற ஒரு வீட்டின் கணக்கைத் தீர்க்கின்றன. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அப்படிச் செய்யாத கடை இரண்டு வருடத்தில் பூட்டப்பட்டுவிடும்.

சரி, எந்த விலையில் பரப்புகிறார்? இங்கேதான் கவனம் வேண்டும். பக்கெட் சாமானில் அவரால் முடியாது. பால்மா, தேயிலை, சவர்க்காரம், பற்பசை, நூடில்ஸ் எல்லாவற்றிலும் அதிகூடிய சில்லறை விலை அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் சட்டப்படி குற்றம். கடனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லி அதைத் தாண்ட முடியாது. ஆகவே பக்கெட்டில் காசுக்காரருக்கும் கொப்பிக்காரருக்கும் ஒரே விலை. மீதமிருப்பது நிறுத்துத் தரும் சாமானும் எண்ணித் தரும் சாமானும்: அரிசி, சீனி, பருப்பு, மா, செத்தல் மிளகாய், வெங்காயம், உள்ளி, கிழங்கு, தேங்காய், முட்டை. இவற்றில் விலை அச்சடித்திருப்பதில்லை. ஒரு கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டினால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நேற்றைய விலையும் இன்றைய விலையும் எப்படியும் வேறுதான். கொப்பிக் கணக்கின் வட்டி முழுக்க இந்தப் பகுதிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இடைக்கிடை அரசாங்கம் சில சாமானுக்கு வர்த்தமானியில் உச்ச விலை போடும். 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோ 230, சம்பா 240 என்று போட்டது அப்படித்தான். அந்த விலையும் கடனுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று என்று பிரிந்திருக்காது. ஆனால் எங்கள் வீடுகளில் விரும்பிச் சாப்பிடும் மொட்டைக்கறுப்பன் போன்ற ஊர் அரிசிக்கோ, தேங்காய்க்கோ, செத்தல் மிளகாய்க்கோ கடைக்காரர் சொல்வதுதான் விலை.

கொக்குவில் பக்கத்தில் ஐந்து பேர் உள்ள ஒரு வீடு என்று வைத்து ஒரு மாதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விலைகள் கிழமைக்குக் கிழமை மாறும், அதனால் இவற்றை மாதிரி எண்களாக எடுங்கள். மாத முடிவில் கொப்பியில் 36,000 ரூபா. இதில் பக்கெட் சாமான் 16,000, நிறுத்தும் எண்ணியும் வாங்கியது 20,000. அதே நாட்களில் திருநெல்வேலிச் சந்தையிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் காசுக்கு என்ன விலை என்று அந்த வீட்டு அம்மா குறித்து வைத்திருக்கிறார். தேங்காய் கொப்பியில் 190, வெளியே 175. மாதம் முப்பது தேங்காய் என்றால் வித்தியாசம் 450 ரூபா. அரிசி கொப்பியில் 260, வெளியே 248. இருபத்தைந்து கிலோவுக்கு 300 ரூபா. பருப்பு 320க்கும் 295க்கும் இடையே ஐந்து கிலோவில் 125 ரூபா. சீனி, முட்டை, வெங்காயம், மிளகாய், உள்ளி எல்லாம் சேர்த்து இன்னொரு 425. மொத்தம் 1,300 ரூபா.

36,000 ரூபாவில் 1,300 என்றால் நூற்றுக்கு மூன்றரை ரூபாவுக்குச் சற்று மேல். கேட்கச் சின்னத் தொகைதான். பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, "பரவாயில்லை, கடைக்காரரும் பிழைக்க வேணும்தானே" என்கிறார்கள். ஆனால் இது எத்தனை நாள் கடனுக்கான விலை என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் எடுத்த அரிசிக்கு முப்பது நாள் கடன். இருபத்தொன்பதாம் நாள் எடுத்த வெங்காயத்துக்கு ஒரு நாள்தான். சராசரியாகப் பார்த்தால் பதினைந்து நாள். சம்பளம் வந்து கட்டுவதற்கு இன்னும் மூன்று நாள் போகும் என்று வைத்தால் பதினெட்டு. ஆக, காசு விலையில் 34,700 ரூபா பெறுமதியான சாமானை, சராசரி பதினெட்டு நாள் கடனாக எடுத்திருக்கிறார்கள். ஒரு முழு மாதத்துக்கு மாற்றிச் சொன்னால், ஏறத்தாழ 20,800 ரூபாவை மாதம் முழுக்கக் கடனாக வைத்திருந்ததற்குச் சமம். அந்த 20,800க்கு மாதம் 1,300 ரூபா என்றால் மாத வட்டி நூற்றுக்கு ஆறேகால். வருடத்துக்கு 75 வீதம். நகையை வங்கியில் அடகு வைத்தால்கூட இதற்குக் கிட்ட வராது.

நியாயமாகக் கணக்கிட வேண்டுமென்றால் இதிலிருந்து சிலதைக் கழிக்க வேண்டும். சந்தைக்குப் போய்வர மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வேண்டும். மாதம் நாலு தடவைக்கு 400 ரூபா என்று வையுங்கள். மிச்சம் 900. அப்புறம், அந்தக் கூடிய விலை முழுவதும் கடனுக்கானது என்றும் சொல்ல முடியாது. ஒழுங்கைக்குள் இருக்கிற கடை, இரவு எட்டரை மணிக்கும் ஐம்பது கிராம் மிளகு நிறுத்துத் தருகிற கடை, காசுக்காரருக்கும் சந்தையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் விற்கும். அதே கடையில் காசுக்கு என்ன விலை என்று தெரிந்தால்தான் கடனின் விலையைத் தனியாகப் பிரிக்கலாம். இதற்கு நல்ல வழி, கொப்பி இல்லாத ஒரு சொந்தக்காரரை அதே நாளில் அதே கடைக்கு அனுப்பி அரைக் கிலோ பருப்பும் ஒரு தேங்காயும் காசுக்கு வாங்கச் செய்வது. சில கடைகளில் வித்தியாசம் ஒன்றுமே இருக்காது. அங்கே கடைக்காரர் கடன் செலவை எல்லோர் தலையிலும் சமமாகப் போட்டிருக்கிறார். அப்படியான கடையில் காசுக்கு வாங்குகிறவர்தான் நட்டப்படுகிறார், கொப்பிக்காரர் இல்லை. வேறு சில கடைகளில் தேங்காய்க்குப் பத்து ரூபா கூடியிருக்கும். எது உங்கள் கடை என்று ஒரு நாளில் தெரிந்துவிடும்.

இரண்டாவது செலவு கொப்பியில் எழுதும் முறையிலிருந்து வருகிறது. ஒழுங்கான கொப்பியில் திகதி, சாமான், அளவு, தொகை என்று நாலும் இருக்கும். கடையில் கூட்டம் நிற்கும்போது எழுதுகிற கொப்பியில் "சீனி 510" என்று மட்டும் இருக்கும். இரண்டு கிலோவா, இரண்டேகாலா? மாதக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது. அளவு இல்லாமல் தொகை மட்டும் எழுதினால், கிலோ விலை என்னவென்று பின்னால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இதைவிட மோசமானது "சாமான் 450" என்று மொத்தமாக எழுதுவது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிற வீடுகளில் இந்த வரிகள் அதிகம். அதில் ஒரு ஐஸ்கிறீமும் இருக்கும், அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொன்னதற்காகப் பிள்ளைக்கு அடி விழுந்த வீடும் எனக்குத் தெரியும். பிழை எழுதிய விதத்தில் இருந்தது, பிள்ளையில் இல்லை.

இன்னொரு வகை, விலையை வெறுமையாக விட்டுவிட்டு அளவை மட்டும் எழுதுவது. "செத்தல் 250 கிராம்" என்று இருக்கும், பக்கத்தில் தொகை இருக்காது. கேட்டால், "விலை பிறகு போடுறன் தங்கச்சி, இண்டைக்கு லொறி வந்து விலை மாறும்" என்பார். இது ஏமாற்று என்று உடனே நினைக்கத் தேவையில்லை. இந்தப் பழக்கம் பல கடைகளில் இறுகியது 2022 நெருக்கடியின்போதுதான். 2021 கடைசியில் 400 கிராம் பால்மா பக்கெட் 540 ரூபாவானது. 2022 மார்ச்சில் அது 790. பழைய விலையில் பத்துப் பக்கெட்டைக் கொப்பிக்குக் கொடுத்தவருக்குக் கையில் வந்தது 5,400 ரூபா. அதைக் கொண்டு புதிய விலையில் ஆறு பக்கெட்தான் வாங்கலாம். நாலு பக்கெட் காற்றில் போய்விட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை ஏறியது. அந்தக் காலத்தில் எடுத்த நாள் விலையைக் கொப்பியில் எழுதிய கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் தன் முதலைத் தின்றுகொண்டிருந்தார். விலையை வெறுமையாக விட்டதும், சிலர் கொப்பியையே நிறுத்தியதும் அதனால்தான். விலை பாய்ந்து ஏறும்போது கொப்பிக்காரருக்குத்தான் இலாபம், கடைக்காரருக்கு நட்டம். இதை மறைத்துப் பேசினால் கணக்கு நேர்மையாக இருக்காது.

ஆனால் விலைகள் ஓரளவு அடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் சில இடங்களில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அது ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவுகிறது. விலை ஏறினால் கட்டுகிற நாளின் விலை போடப்படும், இறங்கினால் எடுத்த நாளின் விலை போடப்படும். வெங்காயமும் தேங்காயும் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிற சாமான்கள் என்பதால் இது சிறிய விடயம் இல்லை. இப்படி நடக்கிறதா என்று அறிய, விலை இறங்கிய ஒரு கிழமையைப் பிடித்துப் பாருங்கள். ஏறிய கிழமைகள் எதையும் காட்டாது.

கணக்குக் கூட்டிக் கொடுத்த நாட்களில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை வேண்டுமென்று செய்தவை அல்ல, அவை விழுகிற இடமும் எப்போதும் ஒன்றுதான். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலைப்பில் "முன்பக்கம்" என்று எழுதும்போது எண் மாறும். 8,640 என்பது 8,940 ஆகும். கட்டிய காசைக் கழிக்கும் வரியிலும் அப்படித்தான்: பிள்ளையின் கையில் கொடுத்துவிட்ட 2,000 ரூபா அவசரத்தில் எழுதப்படாமல் போகும். முழுக் கணக்கையும் திரும்பக் கூட்ட உங்களுக்கு நேரம் இல்லையென்றால் இந்த இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள். முன்பக்கத் தொகை முந்தைய பக்கத்தின் அடியில் உள்ளதுதானா, கொடுத்த காசு எல்லாம் கழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பகுதி பிடிபடும். சாமான் எடுத்தவுடன் கொப்பிப் பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. முன்பு இரட்டைக் கொப்பி வைத்திருந்தார்கள், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். அந்த வேலையை இப்போது படம் செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. உண்மைதான், ஆனால் கொப்பி வைத்திருக்கும் கடையில் சட்டம் பேசி பற்றுச்சீட்டுக் கேட்க யாருக்கும் வாய் வராது. படம் எடுப்பதை எந்தக் கடைக்காரரும் தப்பாக எடுத்ததை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது செலவுதான் ஆகப் பெரியது, அது பழைய பாக்கி. மேலே சொன்ன கொக்குவில் வீட்டுக்கே திரும்பலாம். ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், தனியார் வைத்தியசாலைக்குக் காசு போய்விட்டது. 36,000 கட்டவேண்டிய இடத்தில் 30,000 கட்டினார்கள். மிச்சம் 6,000. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அது கிடக்கட்டும் அக்கா, மற்ற மாசம் பாப்பம்" என்றார். அடுத்த மாதம் மறுபடி 36,000 சேர்ந்தது, கட்டியதும் 36,000. ஆறாயிரம் அப்படியே நின்றது. அதற்கு அடுத்த மாதமும் அதே. அந்த ஆறாயிரத்துக்கு வட்டி ஒரு சதமும் எழுதப்படவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது வட்டியில்லாக் கடன், கடைக்காரரின் பெரிய மனது.

அந்த வீட்டால் இனி என்ன செய்ய முடியாது என்று பார்த்தால்தான் அதன் விலை தெரியும். ஆறாயிரம் பாக்கி வைத்துக்கொண்டு, எதிரில் உள்ள கடையிலிருந்து தேங்காய்ப் பையோடு வர முடியாது. கடைக்காரர் பார்ப்பார், பார்த்தால் கேட்பார், கேட்காவிட்டாலும் இவர்களுக்கு முகம் கூசும். பருப்பு விலை ஏன் கூட என்று கேட்க முடியாது. கொப்பியில் 8,940 என்று இருப்பது பிழை என்று தோன்றினாலும், "நாங்களே பாக்கி வைச்சிருக்கிறம், எப்பிடிக் கேக்கிறது" என்று வாய் மூடிவிடும். அந்த வீட்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து கடனே தேவைப்படவில்லை என்றாலும், முழுச் சாமானையும் கொப்பியில்தான் எடுக்கவேண்டும். ஆக மாதம் 1,300 ரூபா தொடர்ந்து போகிறது. ஒரு வருடத்தில் 15,600. ஆறாயிரம் ரூபாவை ஒரேயடியாகக் கட்ட முடியாததற்காக, அதைப்போல இரண்டரை மடங்கு போய்விட்டது, முதல் ஆறாயிரமும் அப்படியே நிற்கிறது.

கடைக்காரர் இதைத் திட்டமிட்டுச் செய்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவருக்கு இது தெரியும். முழுவதும் கட்டி முடித்த வீடு எந்த நாளும் கடை மாறலாம். கொஞ்சம் பாக்கி உள்ள வீடு மாறாது. ஒரு வருடத்துக்குப் பிறகு வழக்குப் போட முடியாத கடனுக்கு, வாடிக்கை நின்றுவிடாமல் இருப்பதுதான் ஒரே பிணை என்று முன்னே சொன்னேன். அதனால் சிறிய பாக்கியை அவர் விரட்டிக் கேட்பதில்லை. பாக்கி மாதக் கணக்கின் பாதியைத் தாண்டும்போதுதான் பேச்சு மாறும். முதலில் அரிசி மூட்டை "நாளைக்கு வரும்" ஆகும். பிறகு பால்மா "முடிஞ்சு போச்சு" ஆகும், அலுமாரியில் இருக்கும்போதே. விலை கூடிய சாமானைக் கொடுக்காமல் விடுவதுதான் கடைக்காரரின் முதல் எச்சரிக்கை. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளாத வீட்டுக்கு இரண்டாவது எச்சரிக்கை, மற்றவர்கள் நிற்கும்போது கொப்பியை எடுத்து மேசையில் வைப்பது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு அந்த வீட்டார் ஒழுங்கையின் மறுபக்கத்தால்தான் போவார்கள். சிலர் அந்த வெட்கத்துக்காகவே நகையைக் கொண்டுபோய் அடகு வைத்தோ, கிழமைக் கட்டு நுண்கடன் எடுத்தோ கடையைத் தீர்க்கிறார்கள். அங்கே வட்டியில்லாத ஒரு பாக்கி, எழுத்தில் வட்டி உள்ள கடனாக மாறிவிடுகிறது.

எல்லோருக்கும் கொப்பி கூடாது என்று நான் சொல்லவில்லை. குருநகரிலோ பாசையூரிலோ கடலுக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு, காற்று எழும்பிய கிழமையில் வருமானம் இல்லை. அந்தக் கிழமைக்கு அரிசி தருவது கடைக் கொப்பிதான். வங்கி அந்தக் காரியத்தைச் செய்யாது. அவர்களைப் பொறுத்தவரை மாதம் 1,300 ரூபா, தொழில் இல்லாத நாளில் அடுப்பு எரிவதற்கு முன்கூட்டிக் கட்டும் காசு. அது பெறுமதியான செலவு. மாதாமாதம் ஒரே திகதியில் ஒரே சம்பளம் வருகிற வீடுகளைத்தான் நான் நினைக்கிறேன். அவர்களுக்குக் கொப்பி தருவது வெறும் பதினெட்டு நாள் அவகாசம், அதற்கு இந்த விலை கூட.

அப்படியான வீடு வெளியே வர நினைத்தால் முதலில் மோதுவது இரட்டை மாதச் சிக்கலில். சம்பளம் வந்ததும் போன மாதக் கணக்கு 36,000 கட்டவேண்டும், அதே நேரம் இந்த மாதச் சாமானைக் காசுக்கு வாங்க இன்னொரு 35,000 வேண்டும். அந்த இரண்டாவது தொகை யாரிடமும் இருக்காது. "அடுத்த மாசத்திலையிருந்து காசுக்குத்தான்" என்று முடிவெடுத்த வீடுகள் பத்து நாளில் மறுபடி கொப்பிக்குப் போவது இதனால்தான். மனவுறுதி குறைவு என்று அவர்களே தங்களைக் குறை சொல்கிறார்கள், உண்மையில் கையில் காசு இல்லை, அவ்வளவுதான்.

முழுக் கணக்கையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. வட்டி எங்கே இருக்கிறது என்று மேலே கண்டோம்: நிறுத்தும் சாமானிலும் எண்ணும் சாமானிலும். பக்கெட் சாமான் கொப்பியிலேயே இருக்கட்டும், அது உண்மையாகவே வட்டியில்லாக் கடன். முதலில் தேங்காயை மட்டும் எடுங்கள். ஒரு கிழமைக்கு ஏழெட்டுத் தேங்காய் காசுக்கு வாங்க 1,300 ரூபா போதும், சந்தைக்குப் போகிற நாளில் மற்ற வேலைகளோடு முடியும். ஒரு சாமானிலேயே மாதம் 450 ரூபா மிஞ்சும். இரண்டு மூன்று மாதம் கழித்து, கொப்பித் தொகையும் குறைந்திருக்கும், கையில் கொஞ்சம் சேர்ந்தும் இருக்கும். அப்போது அரிசியை எடுங்கள். அரச ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் கிடைக்கும் பண்டிகை முற்பணம் ஒரு மூட்டை அரிசிக்குப் போனால் அது இந்த மாற்றத்துக்குப் பெரிய உதவி. பருப்பும் சீனியும் கடைசியில் மாறினால் போதும். மாறாவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

கடைக்காரர் இதைக் கவனிப்பார். பக்கெட் சாமானில் அவருக்குக் கிடைக்கும் இலாபம் மெலிது, அதை மட்டும் கடனுக்குக் கொடுத்து ஒரு கொப்பியை அவரால் நீண்ட நாள் கட்டிக் காக்க முடியாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் மாற்றுவதைவிட வாய்விட்டுப் பேசுவது நல்லது. "அண்ணை, தேங்காயும் அரிசியும் உங்களிட்டையே காசுக்கு எடுக்கிறன், காசு விலை போடுங்கோ" என்று கேட்டவர்களுக்குப் பல கடைகளில் ஐந்து, பத்து ரூபா குறைந்திருக்கிறது. அவருக்கு அது உடனே கிடைக்கும் காசு, ஏஜென்சிக் காசோலை வங்கிக்குப் போகும் நாளில் அதன் மதிப்பு அவருக்குத்தான் தெரியும். சந்தைக்குப் போகிற பெற்றோலும் உங்களுக்கு மிச்சம்.

பழைய பாக்கி இருந்தால் அதை நடப்புக் கணக்கோடு கலந்து கிடக்க விடாதீர்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் "பழைய பாக்கி 6,000" என்று திகதி போட்டுத் தனியாக எழுதச் சொல்லுங்கள். நடப்பு மாதக் கணக்கை முழுவதும் கட்டிவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தில் ஆயிரம் ஆயிரமாகக் கழியுங்கள். கலந்து கிடக்கும்போது ஆறாயிரம் எப்போதும் ஆறாயிரமாகவே தெரியும், தனியாக எழுதினால் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஆறு மாதத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் கடைக்காரர் கையால் "தீர்ந்தது" என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு படம் எடுத்து வையுங்கள். கடையை மகன் பொறுப்பெடுக்கும் காலத்தில் பழைய கொப்பியைப் பார்த்து, "ஐயா, உங்கடை பேரிலை ஒரு ஆறாயிரம் கிடக்குது" என்று கேட்கிற நாள் வரும். வந்ததைப் பார்த்திருக்கிறேன்.